வாரம் அரை மணி நேரம்: சின்ன கூகுள் விளம்பரக் கணக்கைக் கவனிப்பது பற்றிய கேள்விகள்

பகலில் வேறு வேலை பார்க்கிறேன். வாரம் அரை மணி நேரத்தில் விளம்பரக் கணக்கில் உருப்படியாக என்ன செய்துவிட முடியும்?

ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய முடியும். உங்கள் காசில் கிளிக் செய்தவர்கள் கூகுளில் என்ன தட்டச்சு செய்தார்கள் என்று படித்து, வேண்டாதவர்களுக்கு வழியை அடைக்கலாம். அரை மணியில் பாதிக்கு மேல் இதற்கே கொடுங்கள்.

மற்றதை எல்லாம் விட்டு இதை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்தத் தலைப்பு நன்றாக இழுக்கிறது, எந்த நேரத்தில் போன் அதிகம் வருகிறது, விளம்பரம் காட்டச் சொல்லி நாம் கொடுத்த எந்த கீவேர்ட் தண்டம் என்பதையெல்லாம் எண்ணிக்கையை வைத்துத்தான் சொல்ல முடியும். வாரம் எண்பது, தொண்ணூறு கிளிக் வருகிற கணக்கில் அந்த எண்ணிக்கை கிடைப்பதில்லை. தேடிய சொல் அப்படி இல்லை. அதைப் படித்தாலே அர்த்தம் தெரிந்துவிடும். "ஆர்ஓ சர்வீஸ் வேலைவாய்ப்பு" என்று ஒருவர் தேடியிருந்தால், அவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை என்று சொல்ல ஒரே ஒரு கிளிக் போதும். சின்னக் கணக்கில் உடனே நம்பி முடிவெடுக்கக்கூடிய தகவல் கிட்டத்தட்ட இது ஒன்றுதான்.

கீழே எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். வேளச்சேரியில் ஒரு ஆர்ஓ வாட்டர் பியூரிஃபயர் சர்வீஸ் கடை. வேளச்சேரி, மடிப்பாக்கம், நங்கநல்லூர், பள்ளிக்கரணை பக்கம் வீட்டுக்கே போய் ரிப்பேர் செய்வார்கள். தினசரி பட்ஜெட் ₹300. ஒரு கிளிக் சராசரியாக ₹25. வாரத்துக்கு ₹2,100 செலவு, 84 கிளிக். கணக்கைப் பார்ப்பவர் கடைக்காரரின் தம்பி, அவருக்கு வேறொரு இடத்தில் முழுநேர வேலை. எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை, கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

எந்தக் கிழமை உட்காரலாம்? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பார்க்க?

செவ்வாய் அல்லது புதன். பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய திங்கள் முதல் ஞாயிறு வரை உள்ள முழு வாரம். ஞாயிற்றுக்கிழமை கிளிக் செய்துவிட்டு திங்கள்கிழமை போன் செய்பவர்கள் உண்டு. கிளிக்கால் கிடைத்த இந்தப் பலனைக் கூகுள் கன்வெர்ஷன் என்கிறது, அதை கிளிக் நடந்த தேதியில்தான் எழுதுகிறது. அதனால் ஞாயிறு இரவே திறந்தால் அந்த வாரம் உண்மையைவிட மோசமாகத் தெரியும். கிழமை எதுவானாலும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் வாரத்தை அதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். பாதி ஊர் காலியாக இருக்கும்போது போன் குறைவதற்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தமில்லை. கோடையில் இதன் மறுபக்கம் நடக்கும். லாரித் தண்ணீரும் உப்பேறிய போர்வெல் தண்ணீரும் பிடிக்கிற வீடுகளில் மெம்ப்ரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், போனும் கூடும். அது உங்கள் திறமை என்று எண்ணி பட்ஜெட்டை இரட்டிப்பாக்கிவிடாதீர்கள்.

உட்கார்ந்தவுடன் முதலில் எதைத் திறப்பது?

முதல் ஐந்து நிமிடம் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விளம்பரத்துக்கு ஒப்புதல் இருக்கிறதா, பணம் தீர்ந்து நின்றுபோயிருக்கிறதா, விளம்பரம் போய்ச் சேரும் பக்கம் உங்கள் போனில் திறக்கிறதா, அந்தப் பக்கத்தில் உள்ள எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா.

அப்புறம் Change history. கடந்த வாரம் கணக்கில் யார் என்ன மாற்றினார்கள் என்பது அங்கே இருக்கும். நீங்கள் செய்யாத மாற்றம் ஏதாவது தெரிந்தால், பெரும்பாலும் தானாக அமலாகும் பரிந்துரைகள்தான் காரணம். Recommendations பக்கத்தில் Auto-apply என்று ஒன்று இருக்கிறது. அதில் டிக் ஆகியிருப்பவற்றை எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை மட்டும் பார்க்கிற ஆளின் கணக்கில், அவர் இல்லாத ஆறு நாளும் புது கீவேர்ட் தானாகச் சேர்ந்துகொண்டிருந்தால் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

தேடல் சொற்களை எப்படிப் படிப்பது? பட்டியல் நீளமாக இருக்கிறதே.

Insights and reports என்பதற்குக் கீழே Search terms இருக்கும். செலவு அதிகமானது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம். கடைசி வரி வரை போக வேண்டிய அவசியம் இல்லை.

நம் கடையின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். 84 கிளிக்கில் 61-க்குத்தான் தேடிய சொல் தெரிகிறது. மீதி 23 கிளிக், பெயரில்லாமல் மொத்தமாக ஒரு வரியில் கிடக்கும். மிகச் சிலரே தேடிய சொற்களை 2020-லிருந்து கூகுள் காட்டுவதில்லை. அதைப் பற்றி நாம் செய்ய ஒன்றும் இல்லை. தெரிகிற 61-ஐ மட்டும் பார்ப்போம்.

`ro service near me`, `ro repair velachery` போன்றவை 32 கிளிக். இவர்களுக்காகத்தான் விளம்பரமே. `water can delivery madipakkam`, `bubble top water can`, `thanni can near me` என்று 7 கிளிக். இவர்களுக்குத் தண்ணீர் கேன் வேண்டும், ரிப்பேர் வேண்டாம். `ro technician job chennai`, `ro service jobs salary` என்று 4. இவர்கள் வேலை தேடுபவர்கள். பியூரிஃபயர் கம்பெனிகளின் பெயரோடு `customer care` சேர்த்துத் தேடியவர்கள் 9. `ro water purifier price` என்று புது மெஷின் விலை பார்த்தவர்கள் 5. அம்பத்தூர், ஆவடி என்று கடை போகாத ஏரியாவின் பெயரோடு தேடியவர்கள் 4.

ஒவ்வொரு கூட்டத்தையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: "இப்படித் தேடியவர் நமக்கு வேலை கொடுப்பாரா?" இல்லை என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்தால் இன்றைக்கே அந்தச் சொல்லை நெகட்டிவ் கீவேர்டாகப் போடுங்கள், அப்படித் தேடுபவர்களுக்கு விளம்பரம் காட்டாது. நம் வாரத்தில் தண்ணீர் கேன், வேலை தேடல், தொலைதூர ஏரியா மூன்றும் சேர்ந்து 15 கிளிக், ₹375. தெரிந்த கிளிக்கில் நாலில் ஒரு பங்கு.

`ro service charge` என்று விலை கேட்டுத் தேடுபவர்களை மட்டும் அடைத்துவிடாதீர்கள். சர்வீஸுக்கு எவ்வளவு என்று கேட்பவர் கூப்பிடத் தயாராக இருப்பவர். "price" என்ற சொல்லைக் கண்டதும் நெகட்டிவில் போடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அதனால் நல்ல வாடிக்கையாளர்களும் சேர்ந்து வெளியே போகிறார்கள்.

தண்ணீர் கேன் ஆட்களை நிறுத்த "can" என்று நெகட்டிவ் போட்டால் போதாதா?

போதும், ஆனால் `can i repair ro at home today` என்று தேடியவரும் சேர்ந்து போவார். அது ஆங்கிலத்தில் எங்கும் வருகிற சொல்.

சரி, `water can` என்று இரண்டு சொல்லாகப் போடலாம் என்றால், எந்தக் குறியும் இல்லாமல் போடுகிற நெகட்டிவ் பிராட் மேட்ச் ஆகிவிடும். அதில் இரண்டு சொல்லும் எந்த வரிசையில், எங்கே இருந்தாலும் அடைத்துவிடும். `can ro water purifier be repaired` என்ற தேடலில் can, water இரண்டுமே இருக்கின்றன. அதனால் மேற்கோள் குறிக்குள் வைத்து ஃபிரேஸ் மேட்ச் ஆகப் போட வேண்டும். அப்போது அந்தச் சொற்கள் அதே வரிசையில், அடுத்தடுத்து வந்தால்தான் அடைக்கும்.

இன்னொன்று. சாதாரண கீவேர்ட் போல நெகட்டிவ் கீவேர்ட் தன் உறவுச் சொற்களைத் தேடிப் போகாது. `job` போட்டால் `jobs` அடைபடாது. ஒருமை, பன்மை, அதே பொருள் தரும் வேறு சொல் எல்லாம் தனித்தனியாக வேண்டும். எழுத்துப்பிழைகளை 2024 முதல் கூகுள் கவனித்துக்கொள்கிறது என்றாலும், தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதை அந்தக் கணக்கில் விட முடியாது. நம்மூரில் ஒருவர் thanni என்பார், இன்னொருவர் tanni என்பார். பட்டியலில் கண்ணில் பட்ட ஒவ்வொரு வடிவத்தையும் போட்டுவிடுவதுதான் வழி. நம் கடைக்கு இந்த வாரம் இவ்வளவு:

```
"water can"
"can water"
"bubble top"
"thanni can"
"tanni can"
job
jobs
vacancy
salary
ambattur
avadi
```

அடுத்த வாரம் உட்காரும்போது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏதாவது கீவேர்டின் இம்ப்ரெஷன், அதாவது விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கை, திடீரென்று பூஜ்யத்துக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் போட்ட நெகட்டிவைத்தான்.

"customer care" என்று தேடுபவர்களை என்ன செய்வது? சிலர் நம்மிடம் வருவார்களே.

இது இரண்டுங்கெட்டான். பெரும்பாலோருக்குக் கம்பெனி ஆள்தான் வேண்டும். ஆனால் வாரண்டி முடிந்து, கம்பெனிக்காரர் நாலு நாளாக வரவில்லை என்று அலுத்துப்போன ஒருவரும் அதே சொல்லைத்தான் அடிப்பார். அர்த்தத்தை வைத்து முடிவு சொல்ல முடியாத இடம் இது. இங்கேதான் எண்ணிக்கைக்குக் காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு காத்திருப்பது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உங்கள் கணக்கில் பத்து கிளிக்குக்கு ஏறத்தாழ ஒரு நல்ல போன் வருகிறது என்று வையுங்கள். அதே தரமான ஒரு தேடல் சொல்லில்கூட, 20 கிளிக்கில் ஒரு போனும் வராமல் போக எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதாவது 20 கிளிக்கை வைத்து ஒரு சொல்லை வெட்டுவது அவசரம். 30 கிளிக் ஆகியும் ஒன்றுமில்லை என்றால், அது வெறும் துரதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குதான். அப்போது வெட்டலாம். மூன்றை உங்கள் போன் விகிதத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும்:

```
3 ÷ 0.10 = 30 கிளிக்
3 ÷ 0.05 = 60 கிளிக்
```

வாரம் 9 கிளிக் வருகிற `customer care` கூட்டம் 30-ஐத் தொட மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை ஒரு தாளில் கூட்டிக்கொண்டே வாருங்கள். புது மெஷின் விலை பார்ப்பவர்களுக்கும் இதே முறைதான். கடையில் புது மெஷின் விற்பனையே இல்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் இன்றே அடைக்கலாம்.

பட்டியலில் நல்ல சொல் கண்ணில் பட்டால்?

கீவேர்டாகச் சேர்த்துவிடுங்கள், வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும். `ro water smell`, `ro motor sound` மாதிரி தொல்லையை அப்படியே சொல்லித் தேடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு விளம்பரத் தலைப்பிலும் அதே தொல்லை தெரிந்தால் நல்லது.

கூகுள் 18 கன்வெர்ஷன் என்கிறது. கடையில் கேட்டால் அவ்வளவு போன் வரவே இல்லை என்கிறார்கள். யாரை நம்புவது?

கடையை நம்புங்கள். உங்கள் கணக்கில் கன்வெர்ஷன் என்பது வலைப்பக்கத்தில் உள்ள போன் எண்ணைத் தொட்டதாக அமைந்திருந்தால், கூகுள் எண்ணுவது அந்தத் தொடுதலைத்தான். அழைப்பு போனதா, எடுத்தார்களா, என்ன பேசினார்கள் என்பது அதற்குத் தெரியாது.

இதற்கு ஒரு நோட்டு வேண்டும். விளம்பரப் பக்கத்துக்கென்று தனி சிம் எண் வைத்துக்கொண்டால், அதில் வருவதெல்லாம் விளம்பரத்தால் வந்தது என்று பிரித்துவிடலாம். கடையில் போன் எடுக்கிற அக்காவிடம் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: கிழமை, ஏரியா, என்ன கேட்டார், வேலை அமைந்ததா. அவர்களுக்குக் கால் நிமிட வேலை, உங்களுக்கு வாரக் கணக்கே அதில்தான். செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

நம் கடையில் 18 தொடுதலுக்கு நோட்டில் 14 அழைப்பு. அதில் இரண்டு பேர் தண்ணீர் கேன் கேட்டார்கள், ஒருவர் வேலை கேட்டார், இரண்டு பேர் கம்பெனி என்று நினைத்துக் கூப்பிட்டு வைத்துவிட்டார்கள். உண்மையான சர்வீஸ் அழைப்பு 9, அமைந்த வேலை 5. கூகுள் திரையில் ஒரு கன்வெர்ஷனுக்கு ₹117 என்று இருக்கும். நிஜக் கணக்கு வேறு. ₹2,100-க்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ₹2,478. நல்ல அழைப்புக்கு ₹275, அமைந்த வேலைக்கு ₹496. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை என்றால், கணக்கில் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால், அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க வழி உண்டு.

விளம்பரம் கட்டுபடியாகிறதா என்பதை இந்த ₹496-ஐ வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு சர்வீஸில் கையில் நிற்பது ₹350 என்றால், திரையில் உள்ள ₹117 எவ்வளவு அழகாக இருந்தாலும் கடை நஷ்டத்தில் ஓடுகிறது. திரும்பத் திரும்ப வருகிற வாடிக்கையாளரா என்பதும் இந்தக் கணக்கில் சேரும். அதற்கும் நோட்டுதான் வேண்டும்.

தினசரி பட்ஜெட் ₹300 வைத்தேன். வெள்ளிக்கிழமை ₹560 போயிருக்கிறது. இது தவறில்லையா?

இல்லை. ஒரு நாளில் பட்ஜெட்டின் இரண்டு மடங்கு வரை கூகுள் செலவு செய்யும். மாதக் கணக்கில் தினசரித் தொகையின் 30.4 மடங்குக்கு மேல் போகாது, நமக்கு ₹9,120. அதனால் ஒரு நாளை எடுத்து வைத்துக் கவலைப்படாமல் வாரத்தை மொத்தமாகப் பாருங்கள்.

ஒரு கிளிக்குக்குக் கொடுக்கச் சம்மதிக்கும் விலையான பிட், பட்ஜெட் இதையெல்லாம் வாரா வாரம் கொஞ்சம் ஏற்றி இறக்க வேண்டாமா?

வேண்டாம். நெகட்டிவ் எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள். அது தவிர வேறு மாற்றம் ஒரு வாரத்துக்கு ஒன்றுதான். பட்ஜெட்டையும் தலைப்பையும் ஏரியாவையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், அடுத்த வாரம் போன் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று சொல்ல முடியாது. செய்த மாற்றத்தைத் தேதியோடு அதே தாளில் எழுதுங்கள். இரண்டு வாரமாவது அதை நிற்க விடுங்கள்.

கன்வெர்ஷனை வைத்துக் கூகுளே பிட் போடுகிற முறையில் இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். பெரிய மாற்றம் செய்தால் Learning என்ற நிலை வரும், அதற்குள் மறுபடி கை வைத்தால் கற்றல் நீண்டுகொண்டே போகும். அந்த முறைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் கடையில் தண்ணீர் கேன் கேட்டுத் தொட்டதும் அதன் கண்ணுக்கு வெற்றிதான். அதே மாதிரி ஆட்களை இன்னும் தேடிக் கொண்டுவரும். நெகட்டிவ் பட்டியல் ஓரளவு தேறும் வரை, ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து கிளிக் வாங்கும் Maximize clicks முறையில் இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆப்டிமைசேஷன் ஸ்கோர் 68 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஏற்ற வேண்டாமா?

அது நீங்கள் கூகுளின் பரிந்துரைகளை எவ்வளவு தீர்த்தீர்கள் என்பதன் அளவு. ஒரு பரிந்துரையை வேண்டாம் என்று தள்ளினாலும் ஸ்கோர் ஏறும். இதிலிருந்தே அதற்கும் கடைக்கு வரும் போனுக்கும் எவ்வளவு தூரம் என்று புரியும். பட்ஜெட்டைக் கூட்டு, கீவேர்டை பிராட் ஆக்கு என்பவற்றைத் தள்ளிவிடுங்கள். விளம்பரம் நிராகரிக்கப்பட்டது, நெகட்டிவ் உங்கள் கீவேர்டையே தடுக்கிறது என்று சொல்பவற்றை மட்டும் படியுங்கள்.

வேளச்சேரி மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து எப்படி கிளிக் வருகிறது?

இயல்பாக இருக்கும் அமைப்பில், அந்த இடத்தில் இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களும் சேர்த்தி. கேம்பெய்ன் செட்டிங்ஸில் Locations-க்குள் Location options போய் Presence என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். மடிப்பாக்கத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் ஆபீஸ் என்று இருப்பவர் மத்தியான இடைவேளையில் அங்கிருந்துதான் `ro service madipakkam` என்று தேடுவார். அதனால் ஓஎம்ஆரையும் கிண்டியையும் எல்லைக்குள் வைத்து, போகாத ஏரியாக்களின் பெயரை நெகட்டிவில் வைப்பது நல்லது.

இரண்டு மூன்று வாரம் விட்டுப்போய்விட்டது. எங்கே தொடங்குவது?

தேதியை விட்டுப்போன மொத்தக் காலத்துக்கும் வையுங்கள். Search terms-ஐச் செலவு வரிசையில் போட்டு மேலே உள்ள முப்பது வரியை மட்டும் படியுங்கள். மூன்று வாரம் சேர்ந்திருப்பதால் `customer care` மாதிரிச் சொற்கள் 30 கிளிக்கைத் தொட்டிருக்கலாம், அவற்றை இப்போதே நோட்டோடு ஒப்பிட்டு முடிவு செய்துவிடலாம். பட்ஜெட்டையும் பிட்டையும் இந்த உட்காரலில் தொட வேண்டாம். புயல், வெள்ளம் என்று கடையே திறக்காத நாட்கள் வந்தால் மட்டும் செவ்வாய் வரை காத்திருக்காதீர்கள், போன் எடுக்க ஆள் இல்லாத அன்றே கேம்பெய்னை நிறுத்திவையுங்கள்.